‘நம்ம கேழ்வரகுதானே’ என்று விடுபடும் 4,700 ரூபாய்: மாவு பாக்கெட்டுக்கு விவசாயி விலை வைப்பது எப்படி?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வருகிறது. சொந்த நிலத்தில் விளைந்த கேழ்வரகு, கலப்படம் இல்லாத மாவு, அரைக் கிலோ 35 ரூபாய். பார்த்தவர்கள் ‘சூப்பர் அண்ணா’ என்று ஆர்டர் போடுகிறார்கள். மாவு முழுக்க விற்றும் தீர்கிறது. ஆனால் சீசன் முடிந்து உட்கார்ந்து பார்த்தால், கேழ்வரகை அப்படியே மூட்டையில் போட்டிருந்தாலே கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று தெரியவருகிறது.

இது எப்படி நடக்கிறது? தரத்திலோ விற்பனையிலோ குறை இல்லை. விலை போட்ட விதத்தில்தான் குறை. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அதிகம் விளையும் கேழ்வரகையே எடுத்துக்கொண்டு, ஒரு குவிண்டாலுக்கு முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் கூலி, அரவை, பாக்கெட் செலவுகள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் தப்பு: ‘நம்ம வீட்டுச் சரக்கு, அதுக்கு என்ன விலை?’

100 கிலோ கேழ்வரகை மாவாக்க ஒரு குடும்பத்துக்குக் கையிலிருந்து போகும் பணம் இவ்வளவுதான். அரவைக் கூலி 570 ரூபாய், அரைக் கிலோ பாக்கெட்டும் லேபிளும் 180-க்கு 1,080 ரூபாய், வண்டி, கரன்ட் 300 ரூபாய். ஆக மொத்தம் 1,950 ரூபாய். 180 பாக்கெட்டால் வகுத்தால் ஒரு பாக்கெட்டுக்கு 11 ரூபாய்கூட வரவில்லை. “பதினொரு ரூபா செலவு, முப்பத்தஞ்சுக்கு வித்தா இருபத்து நாலு ரூபா லாபம்” என்று தோன்றுவது இயல்புதான்.

இந்தக் கணக்கில் கேழ்வரகுக்கு விலையே இல்லை. ஆனால் அது மாவாகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் இருப்பதால், அரசு நேரடிக் கொள்முதல் நிலையங்கள் மூலமாகவே இதை வாங்கவும் செய்கிறது. சாக்கு, ஏற்றுக்கூலி, வண்டிச் செலவு என்று 186 ரூபாய் கழித்தால், விவசாயி கையில் 4,700 ரூபாய் நிற்கும்.

அந்த 4,700 ரூபாயை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் மாவு தயாராகிறது. எனவே மாவு வியாபாரம், அந்தக் கேழ்வரகை அவரிடமிருந்தே 4,700 ரூபாய்க்கு வாங்கியதாகக் கணக்கு எழுத வேண்டும். பயிர் செய்ய ஆன செலவை இங்கே போடக் கூடாது. விதை, உரம், உழவுக் கூலி எல்லாம் நிலத்துக் கணக்கு. மாவுக் கணக்குக்குத் தேவையான கேள்வி ஒன்றே ஒன்று: இன்றைக்கு இதை அப்படியே விற்றால் கைக்கு எவ்வளவு வரும்?

பக்கத்தில் கொள்முதல் நிலையம் இல்லை, வியாபாரி கிலோ 40 ரூபாய்தான் தருகிறார் என்றால், அந்த 40 ரூபாயைத்தான் எழுத வேண்டும். அறிவித்த விலையை எழுதுவதைவிட, உண்மையில் கிடைக்கக்கூடிய விலையை எழுதுவதே சரி.

இப்போது 35 ரூபாய் விலையைத் திரும்பப் பார்க்கலாம். 180 பாக்கெட்டில் சாம்பிள் கொடுத்தது, கிழிந்தது, விற்காமல் நின்றது என்று 9 போய், 171 விற்றது என்று வைத்துக்கொள்வோம். வரவு 5,985 ரூபாய். கைச்செலவு 1,950 போனால் மிச்சம் 4,035. மூட்டையாக விற்றிருந்தால் 4,700. அதாவது வெயிலில் காயவைத்து, சலித்து, பொட்டலம் கட்டிய உழைப்புக்குக் கிடைத்தது, 665 ரூபாய் நஷ்டம்.

100 கிலோ போட்டால் 100 கிலோ மாவு வராது

இரண்டாவதாகப் பலர் விடுவது, எடைக் குறைவு. களத்தில் அடித்து வந்த கேழ்வரகில் தூசி, கல், உமி இருக்கும். கல் பொறுக்கிப் புடைத்தால் 100 கிலோ 95 ஆகிவிடும். மில்லில் அரைக்கும்போது சூட்டில் ஈரம் கொஞ்சம் போகும், இயந்திரத்தில் மாவு ஒட்டும், தூசியாகப் பறக்கும். பிறகு சல்லடையில் கப்பி நிற்கும். எல்லாம் போக 90 கிலோ மாவு கிடைத்தால் நல்ல கணக்கு.

கிலோ 47 ரூபாய்க்கு வாங்கிய கேழ்வரகு, மாவான பிறகு கிலோ 52 ரூபாய் 20 காசு ஆகிவிடுகிறது. அரவைக் கூலி, கரன்ட் எதுவும் சேர்க்காமலேயே இந்த உயர்வு. இதனால்தான் முதல் இரண்டு மூன்று முறை அரைக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும் என்பார்கள். புடைத்த பிறகு ஒரு எடை, மில்லிலிருந்து வந்ததும் ஒரு எடை, சலித்த பிறகு ஒரு எடை. 90 வர வேண்டிய இடத்தில் 85 வந்தால், எங்கே போகிறது என்று அந்த நோட்டு சொல்லிவிடும்.

வீட்டு ஆளுக்கும் கூலி உண்டு

மூன்றாவது, உழைப்பு. புடைக்க, கழுவ, காயவைக்க, பொட்டலம் போட, குவிண்டாலுக்கு மூன்று ஆள் வேலை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 400 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். “என் பொண்டாட்டியும் அம்மாவும்தானே செய்றாங்க” என்று இதை விட்டுவிடுவது வழக்கம். இதன் விளைவு பின்னால்தான் தெரியும். ஆர்டர் கூடி வெளி ஆள் வைக்கும் நாளில், விலைக்குள் அந்தக் கூலிக்கு இடமே இருக்காது. வியாபாரம் வளர வளர நஷ்டமும் வளரும்.

கடைசியாக, குவிண்டால் கணக்கில் நேரடியாகத் தெரியாத ஆண்டுச் செலவுகள். சீல் போடும் மெஷின், எடைத் தராசு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, மாவுப் பரிசோதனை, போன் ரீசார்ஜ். சிறு தயாரிப்பாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். மெஷின் தேய்மானமும் பரிசோதனையும்தான் பெரிய தொகை. ஆண்டுக்கு 12,000 ரூபாய், 20 குவிண்டால் அரைக்கிறார்கள் என்றால், ஒரு குவிண்டாலுக்கு 600 ரூபாய்.

எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால்:

- கேழ்வரகு: 4,700
- அரவை: 570
- கூலி: 1,200
- பாக்கெட், லேபிள்: 1,080
- வண்டி, கரன்ட்: 300
- ஆண்டுச் செலவில் பங்கு: 600
- மொத்தம்: 8,450 ரூபாய்

இதைத் தயாரித்த 180-ஆல் வகுக்கக் கூடாது, விற்கும் 171-ஆல் வகுக்க வேண்டும். சாம்பிளாகக் கொடுத்த பாக்கெட்டின் செலவையும், விற்ற பாக்கெட்தான் சுமக்கிறது. ஒரு பாக்கெட்டின் அடக்க விலை 49 ரூபாய் 40 காசு. 11 ரூபாய் என்று நினைத்த இடத்தில் 49 ரூபாய்.

நேரடியாக விற்றால் 60

அடக்கத்துக்கு மேல் 15 சதவீதம் லாபம் வைத்தால் 57 ரூபாய் வரும். வாடிக்கையாளரிடம் நேரடியாக விற்பவர் அதை 60 ஆக்கிக்கொள்ளலாம். 171 பாக்கெட்டுக்கு வரவு 10,260 ரூபாய். 8,450 போக மிச்சம் 1,810. வீட்டு ஆட்களே வேலை செய்திருந்தால் கூலி 1,200-உம் வீட்டிலேயே நிற்கும். அதாவது மூட்டையாக விற்பதைவிடக் குவிண்டாலுக்கு 3,010 ரூபாய் கூடுதல். இதில் உண்மையான லாபம் 1,810 மட்டுமே, மற்றது உழைத்ததற்கான கூலி. இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதிவைத்தால்தான், வேலை லாபம் தருகிறதா, வெறும் கூலி தருகிறதா என்று புரியும்.

இன்னொரு எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். 60 ரூபாய் விலையில், 141-வது பாக்கெட் விற்கும்போதுதான் 8,450 ரூபாய் திரும்ப வருகிறது. 180-இல் நாற்பது பாக்கெட் தேங்கிவிட்டால் லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆகவே விலை எவ்வளவு முக்கியமோ, எத்தனை அரைப்பது என்பதும் அவ்வளவு முக்கியம்.

நேரடி விற்பனையில் கூரியர் ஒரு தனிச் சிக்கல். அரைக் கிலோவை வெளியூருக்கு அனுப்பும் செலவு, மாவு விலையையே தொட்டுவிடும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஒற்றைப் பாக்கெட் ஆர்டர் எடுப்பதில்லை. மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று சேர்த்து, கூரியர் கட்டணத்தைத் தனியாகக் காட்டுகிறார்கள். ‘ஃப்ரீ டெலிவரி’ என்று போட்டால், அந்தப் பணம் 1,810-லிருந்துதான் போகும்.

கடைக்குக் கொடுத்தால் 80: எப்படி?

ஊர் சூப்பர் மார்க்கெட்டில் வைக்கலாம் என்று போனால், கடைக்காரர் “எனக்கு இருபத்தஞ்சு பர்சென்ட் வேணும் தம்பி” என்பார். உடனே பலர் 57-உடன் 25 சதவீதம் கூட்டி, 71 ரூபாய் என்று லேபிள் அடித்துவிடுகிறார்கள். இங்கேதான் பாதி லாபம் காணாமல் போகிறது.

கடைக்காரர் கேட்கும் 25 சதவீதம், அவர் விற்கும் விலையில். 71 ரூபாய் 25 காசில் 25 சதவீதம் என்றால் 17 ரூபாய் 80 காசு. தயாரித்தவர் கைக்கு வருவது 53 ரூபாய் 45 காசு, 57 இல்லை. 171 பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டால், 1,297 ரூபாயாக இருக்க வேண்டிய லாபம் 688 ரூபாயாகிவிடுகிறது.

சரியான வழி, கூட்டுவதற்குப் பதில் வகுப்பது. கடைக்கு 25 போனால் நமக்கு 75 மிஞ்சும். எனவே 57-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும். வருவது 76 ரூபாய். நடுவில் விநியோகஸ்தர் இருந்து அவருக்கும் 8 சதவீதம் என்றால், 0.67-ஆல் வகுக்க வேண்டும், விலை 85-ஐத் தொடும்.

76-உடன் கணக்கு முடிவதில்லை. பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய தானிய மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கும் சிறு தயாரிப்பாளர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாதவரை, பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை. அதனால் “எனக்கு வரி இல்லை” என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் பதிவு பெற்ற சூப்பர் மார்க்கெட், அதே பாக்கெட்டை விற்கும்போது வரி கட்டியாக வேண்டும். பாக்கெட்டில் அச்சிடும் எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. எனவே வரியை முன்பே உள்ளே வைக்காவிட்டால், கடைக்காரர் அதைத் தயாரிப்பாளரின் பங்கிலிருந்துதான் கழிப்பார். 76-உடன் 5 சதவீதம் சேர்த்தால் 79 ரூபாய் 80 காசு. எம்.ஆர்.பி. 80.

லேபிளில் எம்.ஆர்.பி.யுடன் கிராம் விலையும் போட வேண்டும். 500 கிராம் 80 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.16 ரூபாய். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அலமாரியில் பக்கத்தில் இருக்கும் பெரிய கம்பெனி பாக்கெட்டோடு உங்கள் விலையை வாடிக்கையாளர் ஒரே பார்வையில் ஒப்பிட இதுதான் வழி. நிகர எடை, தயாரித்த மாதம், முகவரி, பயன்படுத்த உகந்த காலம், பதிவு எண் ஆகியவையும் லேபிளில் இருந்தாக வேண்டும்.

கடையில் இன்னும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் எப்போது வரும், விற்காததைத் திருப்பிக் கொடுப்பார்களா? திருப்பிக் கொடுக்கும் கடை என்றால் சேதம் 5 சதவீதத்தில் நிற்காது. 10 சதவீதம் என்று எடுத்தால் விற்பது 162 பாக்கெட், அடக்க விலை 52 ரூபாயைத் தாண்டிவிடும்.

இன்னொரு சங்கடமும் வரும். கடையில் 80 ரூபாய்க்கு இருக்கும் மாவை, அதே ஊரில் நீங்களே 60-க்கு விற்றால், கடைக்காரர் அடுத்த மாதம் அலமாரியைக் காலி செய்யச் சொல்வார். கடைக்குப் போவது என்று முடிவெடுத்தால், நேரடி விலையையும் 70, 75 பக்கம் கொண்டுவர வேண்டியிருக்கும்.

மேலே ஒரு கூரை இருக்கிறது

இதுவரை பார்த்தது தரை விலை. அதற்குக் கீழே போனால் நஷ்டம். மேலே ஒரு கூரையும் உண்டு. வாடிக்கையாளர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை அது. அதே அலமாரியில் பெரிய கம்பெனியின் கேழ்வரகு மாவு அரைக் கிலோ 50, 55-க்கு இருந்தால், 80 ரூபாய்ப் பாக்கெட்டை எடுக்க ஒரு காரணம் வேண்டும். அவர்கள் லாரி கணக்கில் வாங்குகிறார்கள், ரோல் கணக்கில் பாக்கெட் அடிக்கிறார்கள். அரவையும் பாக்கெட்டும் அவர்களுக்கு ஆகும் செலவில், குவிண்டால் கணக்கில் செய்பவரால் ஒருபோதும் முடிக்க முடியாது.

எனவே அவர்கள் விலையைப் பார்த்து 50 என்று போடுவது ஆபத்து. 49 ரூபாய் 40 காசு அடக்கத்தில், கடை வழியாக 50-க்கு விற்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் நஷ்டம். தரை விலை கூரையைத் தாண்டிவிட்டால் பதில் எளிது: அந்த இடத்தில் மாவு விற்காதீர்கள். மூட்டையாகவே கொடுங்கள், அல்லது வேறு வாடிக்கையாளரைத் தேடுங்கள்.

சிலர் முளைகட்டிய மாவுக்குப் போவது இதனால்தான். கேழ்வரகை ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி அரைக்கிறார்கள். இதில் எடைக் குறைவு அதிகம். 100 கிலோவுக்கு 80 கிலோ மாவு என்று வைத்துக்கொள்ளலாம். வேலையும் இரட்டிப்பு, ஆறு ஆள் கூலி 2,400 ரூபாய். 160 பாக்கெட்டில் 152 விற்றால் அடக்க விலை 62 ரூபாய் சொச்சம். சாதா மாவைவிட 13 ரூபாய்தான் கூடுதல். ஆனால் வாடிக்கையாளர் இதைச் சாதா மாவோடு ஒப்பிடுவதில்லை, குழந்தைக்கான சத்துமாவோடு ஒப்பிடுகிறார். கூரை உயர்ந்துவிடுகிறது.

ஆபத்தும் உண்டு. முளைகட்டிய தானியம் முழுக்கக் காய வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மேகமூட்டமான இரண்டு நாள் போதும், பூசணம் பிடித்துப் புளித்த வாடை வந்துவிடும். அந்த முழு ஈட்டையும் கொட்ட வேண்டியதுதான். மழைக் காலத்தில் உலர்த்தும் வசதி இல்லாதவர்கள், ஒரு ஈடு போகும் செலவையும் ஆண்டுச் செலவில் சேர்த்தே விலை போட வேண்டும்.

ஊறுகாய் என்றால் என்ன மாறும்?

முறை அதேதான். ஆனால் மூலப்பொருளின் விலை ஒரே இடத்தில் நிற்காது. எலுமிச்சை கோடையில் ஏறும், வரத்து கூடினால் சரியும். ஊறுகாய்க்கு எழுத வேண்டியது, பழம் பறித்த அன்றைய விலை. மண்டியில் எடுக்காத தழும்புப் பழம், பொடிப் பழம் என்றால், அதற்கு உண்மையிலேயே விலை குறைவு அல்லது பூஜ்யம். அதைப் பூஜ்யம் என்று எழுதுவதில் தப்பில்லை. ஆனால் ஆர்டர் கூடி நல்ல பழத்தையும் போட ஆரம்பித்த நாளிலிருந்து, நல்ல பழத்தின் விலை கணக்குக்கு வந்துவிட வேண்டும்.

ஊறுகாயில் உப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் சேர்வதால் எடை கூடும், மாவில் குறையும். அதே சமயம் கண்ணாடி பாட்டில் செலவு அதிகம், உப்பில் ஊறும் வாரங்களில் பணம் ஜாடிக்குள் முடங்கிக் கிடக்கும்.

விலையை எப்போது மாற்ற வேண்டும்?

கேழ்வரகின் ஆதரவு விலை 2024-25-இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். அடுத்த ஆண்டு 4,886. உயர்வு 596 ரூபாய். 171 பாக்கெட்டால் வகுத்தால், பாக்கெட்டுக்கு மூன்றரை ரூபாய். “பழைய கஸ்டமருங்க, எப்படி ஏத்துறது” என்று பழைய விலையிலேயே கொடுத்தவர், ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த மூன்றரை ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுத்தார். அறுவடைக்கு ஒரு முறை, ஆதரவு விலை அறிவிப்பு வந்ததும் ஒரு முறை கணக்கைத் திறந்து பார்ப்பது போதுமானது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாவாக்க வேண்டிய அவசியமும் இல்லை. கேழ்வரகு தானியமாக நீண்ட நாள் கெடாது, மாவாக்கினால் சில மாதங்களில் வாடை மாறும். எனவே பத்துக் குவிண்டால் விளைந்தவர், எட்டைக் கொள்முதல் நிலையம் திறந்திருக்கும்போதே கொடுத்துவிட்டு, இரண்டைத் தானியமாகவே வீட்டில் வைத்து, ஆர்டர் வர வர அரைக்கலாம். அந்த இரண்டு குவிண்டால் 360 பாக்கெட். முதல் ஆண்டில் அத்தனையும் 60 ரூபாய்க்குப் போனால், அடுத்த ஆண்டு மூன்றாவது குவிண்டாலை நிறுத்திவைக்கலாம். போகவில்லை என்றால், நஷ்டம் இரண்டு மூட்டையோடு நிற்கும்.